கடிதத்தில் இருக்கிறது, ரெஸ்யூமேவில் இல்லை

*வணக்கம் மேடம். சொந்த ஊர் தருமபுரி. மூன்று வருடமாக பெங்களூரில் ஒரு பார்சல் கம்பெனியில் எம்ஐஎஸ் எக்ஸிக்யூட்டிவாக இருக்கிறேன். பெல்லந்தூர் கம்பெனி ஒன்றின் டேட்டா அனலிஸ்ட் விளம்பரத்தையும் என் ரெஸ்யூமேவையும் அனுப்பியிருக்கிறேன். எஸ்க்யூஎல், டாஷ்போர்டு, ரிப்போர்ட்டிங் மூன்றிலும் இரண்டு முதல் நான்கு வருட அனுபவம் கேட்கிறார்கள். மூன்றையும் நான் செய்கிறேன். இருந்தும் இதே மாதிரி வேலைகளுக்கு முப்பது தடவைக்கு மேல் விண்ணப்பித்து ஓர் அழைப்புகூட வரவில்லை. முதலில் ஐடி ஆட்கள் கொடுத்த க்வெரியில் தேதியை மட்டும் மாற்றி ஓட்டினேன். ஒன்றரை வருடமாக நானே எழுதுகிறேன். போன வருடம் லேட் டெலிவரி சதவீதம் தப்பு என்று மூன்று ஹப் மேனேஜர்களும் தினமும் சண்டை போட்டார்கள். இரண்டு தடவை டெலிவரிக்குப் போன பார்சலை நம் ரிப்போர்ட் இரண்டு தடவை எண்ணுகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தேன். 60,000 ரூபாய் கட்டி இன்னொரு கோர்ஸ் சேரலாமா? டெசிக்னேஷனை டேட்டா அனலிஸ்ட் என்று மாற்றிப் போடலாமா?*

*– வாசகி, மாரத்தஹள்ளி, பெங்களூரு*

வணக்கம். என் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது எப்படிப் படிப்பேனோ அப்படியேதான் உங்கள் ரெஸ்யூமேவைப் படித்தேன். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுவேன். இடப்பக்கம் விளம்பரம் கேட்பது. வலப்பக்கம் அதற்கு ரெஸ்யூமே காட்டும் சாட்சி. சாட்சி என்று நான் எடுத்துக்கொள்வது வேலை அனுபவப் பகுதியில் இருக்கும் வரியை மட்டும்தான். திறன்கள் என்ற தலைப்பின் கீழ் இருக்கும் சொற்களை வலப்பக்கத்தில் எழுத மாட்டேன். அந்தப் பட்டியல் எல்லோருடைய ரெஸ்யூமேவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதை வைத்து ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

உங்கள் தாள் இப்படி வந்தது. எஸ்க்யூஎல்லுக்கு எதிரே எதுவும் இல்லை. டாஷ்போர்டுக்கு எதிரே ‘பவர் பிஐயில் டாஷ்போர்டு உருவாக்கினேன்’ என்று ஒரு வரி. ரிப்போர்ட்டிங்குக்கு எதிரே ‘தினசரி எம்ஐஎஸ் ரிப்போர்ட் தயாரித்து அனுப்பினேன்’ என்று ஒரு வரி. (நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியதை இங்கே தமிழில் சொல்கிறேன்.) இரண்டு பக்க ரெஸ்யூமேவில் முக்கால் பக்கம் கோர்ஸில் செய்த மூன்று ப்ராஜெக்ட்டுகளுக்குப் போயிருக்கிறது. முதல் வரியைத் தவிர்த்தால் எஸ்க்யூஎல் என்ற சொல் வருவது ஒரே இடத்தில், பக்கவாட்டில் ஒரு நீலப் பட்டையோடு: 90 சதவீதம்.

இதே ரெஸ்யூமே என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் கூப்பிட்டிருக்க மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்களே, இரண்டு தடவை எண்ணப்பட்ட பார்சல்கள்? அதைப் படித்ததும் தாளை மறுபடி எடுத்தேன். அந்த ஒரு வேலையில் விளம்பரம் கேட்கும் மூன்றுமே இருக்கின்றன. ரெஸ்யூமேவில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதனால் இந்தப் பதிலில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

உங்கள் டேபிள்களை நான் பார்த்ததில்லை. நீங்கள் சொன்னதை வைத்து ஓர் உதாரணக் கணக்கு போடுகிறேன். ஒரு ஹப்பில் ஒரு நாளில் 1,000 பார்சல். 900 பார்சல் முதல் முயற்சியிலேயே கொடுத்தாகிவிட்டது, அதில் 45 தாமதம். மீதி 100 பார்சலுக்கு இரண்டாவது தடவை போக வேண்டியிருந்தது, அதில் 60 தாமதம். ஆக 1,000-க்கு 105, அதாவது 10.5 சதவீதம் தாமதம். இது சரியான எண்.

இப்போது பார்சல் டேபிளோடு டெலிவரி முயற்சிகள் டேபிளை ஜாயின் செய்கிறோம். ஒரு முயற்சிக்கு ஒரு வரி என்பதால் அந்த 100 பார்சலும் இரண்டிரண்டு வரியாகிவிடும். மொத்தம் 1,100 வரி. தாமத வரிகள் 45-ம் 120-ம் சேர்ந்து 165. சதவீதம் 15. ஹப் மேனேஜர் தன் குறிப்பேட்டில் 105 என்று எழுதி வைத்திருப்பார், உங்கள் ரிப்போர்ட் 165 என்று சொல்லும். சண்டை வராமல் என்ன செய்யும்? அதுவும் மறுமுயற்சி அதிகமாக இருக்கும் ஹப்பில்தான் எண் அதிகமாக வீங்கும். எல்லா ஹப்புக்கும் ஒரே அளவு பிழை இருந்தால் யாருக்கும் தெரியாமலேயே போயிருக்கலாம்.

இதைப் பிடிக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் இன்டர்வியூவில் முதல் கேள்வியாக வரும். பெரும்பாலும் இந்த மாதிரி ஒன்றைத்தான் ஓட்டியிருப்பீர்கள்:

```sql
SELECT COUNT(*), COUNT(DISTINCT s.shipment_id)
FROM shipments s
JOIN attempts a ON a.shipment_id = s.shipment_id;
```

இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் வரிகள் பெருகவில்லை. என் உதாரணத்தில் 1,100 என்றும் 1,000 என்றும் வரும். எந்த ஜாயின் எழுதினாலும் முன்பும் பின்பும் வரிகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கு இருக்கிறதா என்று நான் கட்டாயம் பார்ப்பேன். ‘டிஸ்டிங்க்ட் போட்டேன், சரியாகிவிட்டது’ என்று சொல்பவர்களிடம் இன்னும் தோண்டுவேன். முயற்சியின் நேரத்தையும் க்வெரியில் எடுத்தால் இரண்டு வரியும் வெவ்வேறு வரிகளாகிவிடும், `SELECT DISTINCT` எதையும் நீக்காது. எங்கே பெருகியது என்று தெரிந்துகொண்டு அந்த இடத்தில் சரிசெய்வதுதான் வேலை. கடைசி முயற்சியின் விவரம் ரிப்போர்ட்டுக்குத் தேவை என்று வைத்துக்கொள்வோம். அப்போது இப்படி எழுதலாம்:

```sql
WITH last_try AS (
  SELECT shipment_id, reason,
         ROW_NUMBER() OVER (PARTITION BY shipment_id
                            ORDER BY attempted_at DESC) AS rn
  FROM attempts
)
SELECT s.shipment_id, s.hub, t.reason
FROM shipments s
LEFT JOIN last_try t
  ON t.shipment_id = s.shipment_id AND t.rn = 1;
```

விளம்பரத்தில் ‘சிடிஇ, விண்டோ ஃபங்ஷன் தெரிந்திருக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கிறது, கவனித்தீர்களா? மேலே இருப்பது இரண்டும்தான். `WITH` என்று தொடங்குவது சிடிஇ. `ROW_NUMBER` விண்டோ ஃபங்ஷன். நீங்கள் இந்த வழியில்தான் சரிசெய்தீர்களா, இல்லை முயற்சிகளை முதலில் `GROUP BY` செய்து சுருக்கினீர்களா என்று எனக்குத் தெரியாது. எது செய்திருந்தாலும் அதையே சொல்லுங்கள். அதோடு மற்ற வழியையும் உங்கள் ஆபீஸ் டேபிளிலேயே எழுதிப் பாருங்கள்.

அப்புறம் ஒரு சின்ன இடம். கடைசி வரியில் இருக்கும் `t.rn = 1` என்பதை எடுத்து கீழே `WHERE`-இல் போட்டால் என்ன ஆகும்? இது நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. டெலிவரிக்கு இன்னும் ஒரு தடவைகூடக் கிளம்பாத பார்சலுக்கு முயற்சி டேபிளில் வரியே இருக்காது, `rn` காலியாக வரும், `WHERE` அதைத் தூக்கி எறிந்துவிடும். `LEFT JOIN` என்று எழுதியிருந்தாலும் நடப்பது சாதாரண ஜாயின்தான். கிளம்பாமல் ஹப்பிலேயே கிடக்கும் பார்சல்தான் இருப்பதிலேயே மோசமான பார்சல். அது ரிப்போர்ட்டிலிருந்து காணாமல் போய், ஹப்பின் எண் அழகாகத் தெரியும். எர்ரர் எதுவும் வராது. இதற்கு நீங்கள் நிதானமாகப் பதில் சொன்னால் உங்கள் 90 சதவீதப் பட்டைக்கு அவசியமே இல்லை. அந்தப் பட்டைகளை எடுத்துவிடுங்கள். எதில் 90 என்று படிப்பவருக்குத் தெரியாது. அதோடு, பக்கவாட்டுக் கட்டமும் படமுமாக இருக்கும் ரெஸ்யூமேவை வேலைவாய்ப்புத் தளங்களின் மென்பொருள் பல நேரம் தாறுமாறாகப் படிக்கும். பக்கவாட்டுக் கட்டம் இல்லாமல், சாதாரண எழுத்தில் இருக்கட்டும்.

எஸ்க்யூஎல் விஷயத்தில் இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மொத்தம் மூன்று வருடம் என்றாலும் நீங்களே க்வெரி எழுதியது ஒன்றரை வருடம்தான். ‘மூன்று வருட எஸ்க்யூஎல் அனுபவம்’ என்று முதல் வரியில் போட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் சந்தேகத்தோடு கேட்பார்கள். ‘மூன்று வருட ரிப்போர்ட்டிங் அனுபவம், அதில் ஒன்றரை வருடமாக எஸ்க்யூஎல் க்வெரிகளைச் சொந்தமாக எழுதுகிறேன்’ என்று போடுங்கள். விளம்பரம் கேட்கும் இரண்டு வருடத்துக்கு ஆறு மாதம் குறைகிறதே என்று தயங்க வேண்டாம். வேலையைக் காட்டும் ஒரு வரி கீழே இருந்தால், அந்த ஆறு மாதத்துக்காக உங்களை ஒதுக்குபவர்கள் குறைவு.

சரி, அந்த வேலையை ரெஸ்யூமேவில் எப்படி எழுதுவது? கிட்டத்தட்ட இப்படி: ‘மறுமுயற்சிக்குப் போன பார்சல்கள் லேட் டெலிவரி ரிப்போர்ட்டில் இருமுறை எண்ணப்படுவதைக் கண்டறிந்து, எஸ்க்யூஎல் க்வெரியைத் திருத்தி எழுதினேன். தாமத சதவீதம் இத்தனையிலிருந்து இத்தனையாகத் திருந்தியது. மூன்று ஹப் மேனேஜர்களும் இப்போது இந்த எண்ணையே பயன்படுத்துகிறார்கள்.’ அந்த இரண்டு ‘இத்தனை’க்கு என் உதாரண எண்களைப் போட்டுவிடாதீர்கள். போன வருடம் ரிப்போர்ட் மாறிய வாரத்தின் மெயில்களைத் தேடினால் முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் கிடைக்கும். கிடைக்கவில்லையென்றால் எண் இல்லாமலேயே எழுதுங்கள். ‘40 சதவீதம் துல்லியம் கூட்டினேன்’ என்பது போன்ற வரிகள் நிறையப் பார்க்கிறேன். எதிலிருந்து எதற்கு என்று கேட்டால் பதில் இருக்காது.

ரிப்போர்ட்டிங்குக்கு வருகிறேன். ‘தினசரி எம்ஐஎஸ்’ என்று எழுதினால் படிப்பவருக்குத் தெரிவது, யாரோ கொடுத்த எக்ஸெல்லில் தேதி மாற்றி மெயில் அனுப்புபவர் என்பதுதான். ஒரு காலத்தில் நீங்கள் செய்ததும் அதுதான், இப்போது செய்வது அது இல்லை. எந்த நேரத்துக்குள் ரிப்போர்ட் போக வேண்டும், யாருக்குப் போகிறது, அதைப் பார்த்து அவர் என்ன செய்கிறார் என்ற மூன்றும் அந்த வரியில் வரட்டும். காலை ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் நெலமங்கலா ஹப் மேனேஜர் அன்றைக்கு எத்தனை வண்டி கூடுதலாகக் கேட்பது என்று முடிவு செய்கிறார் என்றால், அதை அப்படியே எழுதலாம்.

ரிப்போர்ட்டிங் அனுபவம் என்று விளம்பரத்தில் கேட்பவர்கள் மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் இன்னொன்று: ஒரு எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு துறைகளை ஒத்துக்கொள்ள வைப்பது. உங்கள் ரிப்போர்ட்டில் ‘லேட்’ என்றால் என்ன? வாக்களித்த தேதியைத் தாண்டி டெலிவரி ஆனது என்றால், தேதி தாண்டியும் இன்னும் டெலிவரியே ஆகாத பார்சல் எதில் சேரும்? டெலிவரி தேதி காலியாக இருக்கும் வரியில் `delivered_on > promised_on` என்ற ஒப்பீடு உண்மையாகாது. `CASE`-இல் `ELSE 0` போட்டிருந்தால் அந்தப் பார்சல் சத்தமில்லாமல் ‘லேட் இல்லை’ பக்கம் போய்விடும். திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனதும் இதை முதலில் பாருங்கள். ஏற்கெனவே சரியாக இருந்தால், அந்த வரையறையை யார் யாரோடு பேசி முடிவு செய்தீர்கள் என்பது ரெஸ்யூமேவில் ஒரு வரி. தப்பாக இருந்தால், சரிசெய்துவிட்டு எழுத இன்னொரு வரி கிடைத்தது.

டாஷ்போர்டு பகுதியில் முக்கால் பக்கத்தைக் காலி செய்ய வேண்டும். சூப்பர்ஸ்டோர் விற்பனை டாஷ்போர்டு என்று முதல் ப்ராஜெக்ட். அது டாப்லோவோடு பயிற்சிக்காக வரும் மாதிரி டேட்டா. ஆள் எடுப்பவர்களுக்கு அந்த நீல, ஆரஞ்சு படங்கள் மனப்பாடம். கற்றுக்கொள்ளும்போது அதில் செய்து பார்த்ததில் தவறே இல்லை. ஆனால் மூன்று மேனேஜர்கள் தினமும் திறந்து பார்க்கும் டாஷ்போர்டு ஒன்றை நிஜமாகவே நடத்துபவர், பயிற்சி டேட்டாவை அதற்கு முன்னால் வைப்பானேன்? மூன்று ப்ராஜெக்ட்டையும் சேர்த்து ஒரே வரியாக்கி அடியில் வையுங்கள். டாப்லோ அந்தக் கோர்ஸில் மட்டும் தொட்டது என்றால் ‘டாப்லோ (பயிற்சி அளவில்)’ என்று போடுங்கள். விளம்பரம் பவர் பிஐதான் கேட்கிறது.

ஆபீஸ் டாஷ்போர்டைப் பற்றி நான் கேட்கக்கூடியது எத்தனை சார்ட் என்று அல்ல. டேட்டா எங்கிருந்து வருகிறது, எப்போது புதுப்பிக்கப்படுகிறது, நின்றுபோனால் யாருக்கு முதலில் தெரியும் என்றுதான் கேட்பேன். டாஷ்போர்டை உருவாக்கியவரையும் பராமரிப்பவரையும் இந்தக் கேள்விகள் பிரித்துக் காட்டிவிடும், விளம்பரத்தில் ‘உருவாக்கி, பராமரிக்க’ என்று இரண்டும் இருக்கின்றன. உங்கள் டேட்டாபேஸ் ஆபீஸ் சர்வரில் இருந்தால் நடுவில் கேட்வே ஒன்று ஓட வேண்டும். அது யாருடைய லேப்டாப்பிலாவது இருந்தால், அவர் லேப்டாப்பை மூடிவிட்டு ஊருக்குப் போன அன்று ரிஃப்ரெஷ் நின்றுவிடும். ப்ரோ லைசென்ஸில் டேட்டாவை இம்போர்ட் செய்திருந்தால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் எட்டு ரிஃப்ரெஷ்தான் ஷெட்யூல் செய்யலாம். ‘பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வேண்டும்’ என்று மேனேஜர் கேட்டபோது இதை விளக்கி, எந்த எட்டு நேரம் என்று பேசி வைத்தவர் என்றால் அது நல்ல அனுபவம்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். என் குழுவில் ஒருவர் இதில் சிக்கி ஒரு வாரம் தேடினார். பவர் பிஐயின் ஆன்லைன் சர்வீஸ் யுடிசி நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ‘இன்று’ என்பதை `TODAY()` வைத்துக் கணக்கிட்டிருந்தால், காலை 5:30-க்கு முன்னால் அங்கே இன்னும் நேற்றைய தேதிதான். உங்கள் லேப்டாப்பில் திறந்தால் எல்லாம் சரியாக இருக்கும், ஆன்லைனில் மட்டும் ஒரு நாள் பின்தங்கும். உங்கள் காலை ரிப்போர்ட்டுக்காக ஐந்து மணி ரிஃப்ரெஷ் வைத்திருந்தால் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாஷ்போர்டின் ஸ்க்ரீன்ஷாட்டை ரெஸ்யூமேவோடு இணைத்திருக்கிறீர்கள். அதை உடனே எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் பெயர்கள் அதில் படிக்கும்படியாகத் தெரிகின்றன. இன்றைய கம்பெனியின் டேட்டாவை வெளியே காட்டுபவர் நாளைக்கு எங்கள் டேட்டாவையும் காட்டுவார் என்றுதான் எடுப்பவர்கள் நினைப்பார்கள். காட்டியே ஆக வேண்டும் என்றால் கற்பனையான பார்சல் டேட்டாவில் அதே அமைப்பை உருவாக்கிக் காட்டலாம். அதில் சில மறுமுயற்சிகளைச் சேர்த்து, இரட்டை எண்ணிக்கையையும் அதன் தீர்வையும் விளக்கினால் சூப்பர்ஸ்டோரைவிட எவ்வளவோ மேல்.

டெசிக்னேஷனை மாற்றக் கூடாது. வேலை உறுதியான பிறகு பின்னணிச் சரிபார்ப்பில் உங்கள் கம்பெனி எச்ஆரிடமே கேட்பார்கள், ரிலீவிங் லெட்டரிலும் எம்ஐஎஸ் எக்ஸிக்யூட்டிவ் என்றுதான் இருக்கும். பொருந்தாவிட்டால் கைக்கு வந்த ஆஃபரும் போய்விடும். பதவிப் பெயரை அப்படியே விட்டுவிட்டு, ரெஸ்யூமேவின் மேலே இருக்கும் அறிமுக வரியிலும் வேலைவாய்ப்புத் தளத்தின் ஹெட்லைனிலும் செய்யும் வேலையைச் சொல்லுங்கள்: ‘லாஜிஸ்டிக்ஸ் ரிப்போர்ட்டிங், எஸ்க்யூஎல், பவர் பிஐ டாஷ்போர்டு’. ரெக்ரூட்டர்கள் இந்தச் சொற்களைப் போட்டுத்தான் தேடுகிறார்கள். இப்போது உங்கள் ஹெட்லைனில் ‘எம்ஐஎஸ் எக்ஸிக்யூட்டிவ், வாய்ப்புக்காகக் காத்திருக்கிறேன்’ என்று மட்டும் இருப்பதால், தேடுபவர் கண்ணில் நீங்கள் படவே மாட்டீர்கள்.

60,000 ரூபாய் கோர்ஸ் இப்போது வேண்டாம். அதன் பாடத்திட்டத்தையும் பார்த்தேன். பாதிக்கு மேல் பைதானும் மெஷின் லேர்னிங்கும். இந்த விளம்பரம் அவற்றைக் கேட்கவே இல்லை. உங்களுக்குக் குறைவது விண்டோ ஃபங்ஷன்களில் கைப்பழக்கம். அதற்கு உங்கள் முயற்சிகள் டேபிள் போதும். ஒவ்வொரு பார்சலுக்கும் முதல் முயற்சிக்கும் இரண்டாவதற்கும் நடுவே எத்தனை மணி நேரம் என்று `LAG` வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஹப்பிலும் மிகவும் தாமதமான ஐந்து பார்சலை `ROW_NUMBER` வைத்து எடுங்கள், ஏழு நாள் நகரும் சராசரியை `AVG` வைத்து எழுதுங்கள். தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

இந்த மாற்றங்களோடு வந்தால் முதல் சுற்றுக்கு உங்களைக் கூப்பிடுவேன். விளம்பரத்தில் கடைசித் தேதி இல்லை, எப்போது வேண்டுமானாலும் மூடலாம். அதனால் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அனுப்பலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்துவிட்டு, முதல் வரியில் வருடக் கணக்கைத் திருத்தி, அனுபவப் பகுதியை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமை மாற்றி எழுதி அனுப்புங்கள். கற்பனை டேட்டா டாஷ்போர்டை இன்டர்வியூ தேதி வந்த பிறகுகூடச் செய்துகொள்ளலாம்.